மெசேஜ் வந்துவிட்டது, பணம் வந்ததா?

(வணிகர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கடையில் எந்தச் சிக்கல் வந்தால் எந்தப் பகுதியைப் பார்ப்பது என்று தெரிவதற்காக அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நான் போலீஸும் இல்லை, வங்கி அதிகாரியும் இல்லை. உங்களைப் போலவே கல்லாவில் உட்காருகிறவன். சங்கத்துக்கு வருகிற புகார்களை நோட்டில் எழுதி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எழுத எழுத ஒன்று புரிந்தது. ஆள் வேறு, சரக்கு வேறு, தொகை வேறு, ஆனால் எல்லோரும் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "மெசேஜ் வந்துச்சுங்க, அதனாலதான் கொடுத்தேன்."

அந்த வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. போனில் பணம் வாங்கும்போது நம் முன்னால் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. வாங்க வந்தவர் தன் போனில் காட்டுகிற திரை ஒன்று. நமக்கு வருகிற மெசேஜ் அல்லது ஒலிக்கிற சத்தம் இன்னொன்று. மூன்றாவது நம் கணக்கில் ஏறுகிற வரி. முதல் இரண்டும் மூன்றாவதைப் பற்றிய தகவல்கள். தகவல் பொய்யாக இருக்கலாம், தாமதமாக வரலாம், வராமலே போகலாம். கணக்கில் ஏறிய வரியைப் பார்க்க ஒரே வழி, நம் செயலியை நாமே திறந்து வரவுப் பட்டியலைப் பார்ப்பது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பட்டியலில் எதைத் தேட வேண்டும், தேடியது கிடைக்காவிட்டால் என்ன காரணமாக இருக்கும் என்பதுதான்.

அறிகுறி: மெசேஜ் வந்தது, கணக்கில் தொகை ஏறவில்லை

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் நானே ஏமாந்தது இதில்தான்.

ஒரு சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். ஒருவர் வந்து 4,850க்குச் சரக்கு எடுத்தார். "அனுப்பிட்டேன் அண்ணே" என்றார். என் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். வங்கியின் பெயர், அதே பெயரில் அன்றைக்கு வந்த மற்ற மெசேஜ்களுக்குக் கீழே, வரிசையாக, ஒழுங்காக: 4,850 வரவு, நேரம் 6:31. சரக்கைத் தூக்கி அவர் வண்டியில் வைக்க நானே கை கொடுத்தேன். இரவு ஒன்பதரைக்குக் கணக்கு முடிக்கும்போது 4,850 உதைத்தது.

அது எப்படி வங்கியின் மெசேஜ்களோடு போய் உட்கார்ந்தது? இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் தெளிந்துவிடும். வங்கியிலிருந்து வரும் மெசேஜில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் தெரிகிறது அல்லவா? அந்தப் பெயர் 11 எழுத்துக்குள் அடங்குகிற ஒரு சின்னக் குறிப்பு. கடிதத்தின் பின்பக்கம் "அனுப்புநர்" என்று எழுதுவது போலத்தான். எழுதுகிறவர் என்ன எழுதுகிறாரோ அதுதான். அனுப்புகிற வழியில் யாராவது சரிபார்த்துத் தடுத்தால் தடுபடும், இல்லாவிட்டால் இல்லை. நம் போன் தன் பங்குக்கு எதையும் சரிபார்ப்பதில்லை. ஒரே பெயரில் வருகிற எல்லாவற்றையும் ஒரே கட்டாக அடுக்கிவிடுகிறது. அதனால் பொய் மெசேஜும் நிஜ மெசேஜும் ஒரே வரிசையில் அண்ணன் தம்பி போல நிற்கும். "பழைய மெசேஜ் இருக்கிற அதே இடத்தில்தானே வந்தது" என்பதை இனி யாரும் சாட்சியாகச் சொல்லாதீர்கள்.

பல நாடுகளில் இந்தப் பெயர்களைப் பதிவு செய்துதான் பயன்படுத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதையும் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருக்கிறது. பையிலோ காரிலோ வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய போலி டவர் ஒன்றைக் கொண்டுவந்து, பக்கத்தில் இருக்கிற போன்களுக்கு நேரடியாக மெசேஜ் தள்ளுகிறார்கள். பழைய 2ஜி முறையில் போன் தன்னை டவருக்கு நிரூபிக்கும், டவர் தன்னைப் போனுக்கு நிரூபிக்காது. 1991இல் முதல் சேவை தொடங்கியபோதே இருந்த ஓட்டை அது. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் Allow 2G என்ற பொத்தானை அணைத்து வைக்க வழி இருக்கிறது. கடைப் போனில் அணைத்து வைக்கலாம். ஆனால் உங்கள் கடை இருக்கும் இடத்தில் 2ஜி சிக்னல் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் போன் பேசவே முடியாமல் போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய வித்தை எல்லாம் தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. "அண்ணே, என் போன் ஆஃப் ஆயிடுச்சு, ஒரு கால் பண்ணிக்கட்டுமா?" என்று நம் போனை வாங்கி, தன் கூட்டாளியின் எண்ணை வங்கியின் பெயரில் நம் போனிலேயே சேமித்துவிட்டுப் போவது. பத்து நிமிடம் கழித்து அந்த எண்ணிலிருந்து வருகிற மெசேஜுக்கு மேலே வங்கியின் பெயர்தான் தெரியும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மேலே உள்ள பெயரைத் தொடுங்கள். உள்ளே சாதாரண போன் எண் வந்தால், அது ஏதோ ஓர் ஆள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பணம் போன பிறகு மூன்று மெசேஜ்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 6:12க்கு வந்தது: வரவு 1,200, இருப்பு 23,140. 6:31க்கு வந்தது: வரவு 4,850, இருப்பு 41,350. 6:44க்கு வந்தது: வரவு 650, இருப்பு 23,790.

கூட்டிப் பாருங்கள். 23,140உடன் 4,850 சேர்ந்தால் 27,990 வர வேண்டும்; நடு மெசேஜ் 41,350 என்கிறது. என் இருப்பு அவனுக்குத் தெரியாது, குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறான். அடுத்ததைப் பாருங்கள். 23,140உடன் 650 சேர்ந்தால் சரியாக 23,790. அதாவது முதல் மெசேஜும் மூன்றாவதும் கை கோத்து நிற்கின்றன, நடுவில் நிற்பதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை. 6:44க்கே இதை நான் பார்த்திருக்கலாம். இடையில் நம் கணக்கிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்றால் ஒவ்வொரு மெசேஜின் இருப்பும் முந்தையதோடு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஆனால் இந்தக் கூட்டல் கணக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சில வங்கிகள் மெசேஜில் இருப்பையே போடுவதில்லை. நம் போனை எட்டிப் பார்த்தவனுக்கு இருப்பு தெரிந்துவிடும், சரியாகவே கூட்டி அனுப்புவான். ஒட்டாத மெசேஜ் பொய் என்று சொல்லலாம். ஒட்டுகிற மெசேஜ் உண்மை என்று சொல்ல முடியாது. அதற்குப் பட்டியல்தான்.

பட்டியலைத் திறப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெசேஜுக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். பொய் மெசேஜில் இருக்கிற இணைப்பு பொய்ப் பக்கத்துக்குத்தான் போகும், அங்கே நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டினால் 4,850 போனது சின்ன நஷ்டமாகிவிடும். போனின் முகப்பிலிருந்து செயலியைத் திறங்கள். திறந்ததும் தெரிகிற பட்டியல் சில நேரம் முன்பு பார்த்த பழைய பட்டியலாகவே இருக்கும், நெட் மெதுவாக இருந்தால் அப்படியே நிற்கும். விரலால் கீழே இழுத்துப் புதுப்பியுங்கள். பிறகு அந்த வரியைத் தேடுங்கள்: தொகை சரியா, நேரம் இப்போதைய நேரமா, பெயர் எதிரில் நிற்பவர் சொல்கிற பெயரா. மூன்றும் பொருந்தினால் சரக்கைக் கொடுக்கலாம். வேறு யாராவது பெயரிலிருந்து வந்திருந்தால் "யார் அனுப்பினாங்க?" என்று கேட்டாலே போதும், மனைவி அனுப்பினார், முதலாளி அனுப்பினார் என்று நேர்மையானவர் உடனே சொல்லிவிடுவார்.

பட்டியலில் வரி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் Pending அல்லது Processing என்று இருக்கிறது என்றால்? அது பொய் இல்லை, ஆனால் பணமும் இன்னும் இல்லை. சில கணக்குகளில் இருப்பை இரண்டாகக் காட்டுவார்கள். எழுதப்பட்ட இருப்பு ஒன்று, எடுத்துச் செலவழிக்கக்கூடிய இருப்பு ஒன்று. Available balance என்று இருப்பதில் தொகை சேர்ந்ததா என்று பாருங்கள்.

அறிகுறி: அவர் திரையில் பச்சை டிக், நம் பக்கம் எதுவுமே இல்லை

இதற்கு நான்கைந்து காரணங்கள் உண்டு, அதில் பாதிக்கு மேல் நேர்மையானவை. அதனால் எடுத்ததும் "ஏமாத்துறியா?" என்று ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் மோசமானது. பணம் அனுப்பும் செயலி போலவே தோற்றம் உள்ள போலிச் செயலிகள் இருக்கின்றன. தொகையைத் தட்டினால் டிக் வரும், சத்தமும் வரும், எண்ணும் வரும். பணம் மட்டும் எங்கேயும் போகாது. அதைவிட எளிமையானது ஸ்கிரீன்ஷாட். நேற்று நிஜமாகவே உங்களுக்கு அனுப்பிய திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு இன்று காட்டுவது. அதில் உங்கள் பெயர் இருக்கும், தொகை இருக்கும், எல்லாம் நிஜம். தேதி மட்டும் கட்டைவிரலுக்குக் கீழே மறைந்திருக்கும். அவருடைய போனை வாங்கி ஆராய்ச்சி செய்வது எனக்குப் பிடிக்காது. சண்டைதான் வரும், போலிச் செயலியைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் நம்மால் முடியாது. "என் பக்கம் வரட்டும்ங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நம் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பதே போதும்.

அடுத்து, அவர் உண்மையாகவே அனுப்பினார், ஆனால் வேறு ஆளுக்கு. எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், அல்லது அவர் போனில் நம் பெயரைப் போலவே இருக்கிற வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருப்பார். இங்கே மட்டும் அவர் திரை நமக்குப் பயன்படும். "யார் பேரு காட்டுது, வாசிங்க" என்று கேளுங்கள். அதைவிட நல்லது, அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கேட்பது.

அந்தப் பெயர் யாரோ முன்பின் தெரியாதவர் பெயராக இருந்தால், அதுவும் ஒரே நாளில் இரண்டு பேருக்கு அப்படி நடந்தால், உடனே உங்கள் கியூஆர் அட்டையைப் பாருங்கள். நம் அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிற வேலை நடக்கிறது. இதில் வாங்க வந்தவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் பணம் நிஜமாகவே போயிருக்கிறது, யாரோ ஒருவன் கணக்குக்கு. எல்லாச் சிக்கல்களிலும் அதிகம் பறிபோவது இதில்தான் என்று என் நோட்டைப் பார்த்துச் சொல்வேன், ஏனென்றால் ஒரு ஆள் ஒருமுறை ஏமாற்றுவது போல் இல்லை இது, கவனிக்கிறவரை நாள் முழுக்க ஓடும். காலையில் கடை திறந்ததும் வேறொரு போனால் உங்கள் அட்டையை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். பணம் அனுப்ப வேண்டாம், உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் மேலே இன்னொரு தாள் இருப்பது தெரிந்துவிடும். அட்டையைக் கண்ணாடிக்கு அடியில், உங்கள் கண் படுகிற இடத்தில் வையுங்கள். வெளித் தூணில் ஒட்டாதீர்கள்.

மூன்றாவது, உண்மையான தாமதம். அவர் வங்கி தொகையைக் கழித்துவிட்டது, நம் வங்கியின் பக்கம் பதில் சொல்லவில்லை. அந்தப் பணம் அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவழியில் நிற்கிறது. ஒன்று வந்து சேரும், அல்லது அவருக்கே திரும்பும். எது என்று அந்த நிமிடத்தில் நாமும் சொல்ல முடியாது, அவரும் சொல்ல முடியாது. நான் செய்வது இதுதான். சரக்கைக் கட்டி, மேலே அவர் பெயரை எழுதித் தனியாக வைத்துவிடுவேன். பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி அவரிடம் ஒன்று, கட்டில் ஒன்று. "வந்ததும் போன் பண்றேன், வந்து எடுத்துக்கங்க" என்பேன். அவசரம் என்றால் ரொக்கம் கொடுத்து எடுத்துப் போகலாம். அனுப்பியது பிறகு வந்து சேர்ந்தால் வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புவேன். நேர்மையானவர் முணுமுணுப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார். "அப்ப வேணாம், சரக்கையே குடுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பிடிவாதம் பிடிக்கிறவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள், இது புதிதாக வந்த புகார். வங்கிச் செயலிகளில் பணத்தைப் பின்னால் ஒரு தேதியில் அனுப்பும்படி இப்போதே பதிந்து வைக்கலாம். அதற்கும் ஒரு டிக் வரும், ஓர் எண்ணும் வரும். கூர்ந்து பார்த்தால் Scheduled என்று இருக்கும். அந்தத் தேதி வருவதற்குள் அனுப்பியவர் அதை ரத்து செய்துவிடலாம். செயலி நிஜம், வங்கி நிஜம், டிக்கும் நிஜம்.

அறிகுறி: பணம் ஏறிவிட்டது, மெசேஜ் வரவில்லை

நாம் ஏமாற்றப்படாமல், நாம் மற்றவரைச் சந்தேகப்படுகிற இடம் இது. நம் போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ மெசேஜ் சேவை நிறுவனத்தின் மையத்தில் காத்திருக்கும், பிறகுதான் வரும். செயலியின் அறிவிப்பு என்றால், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே அதை நிறுத்தி வைத்திருக்கும். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். சிறு தொகைகளுக்கு மெசேஜே அனுப்பாத வங்கிகளும் உண்டு. பட்டியலில் வரி இருந்தால் விஷயம் முடிந்தது. மெசேஜ் வரவில்லை என்பதற்காக ஒரு மனிதரை இருபது நிமிடம் வெயிலில் நிற்க வைத்த கடையை எனக்குத் தெரியும். நம் சங்கத்துக் கடைதான், பெயர் சொல்லவில்லை.

அறிகுறி: பெட்டி சத்தம் போட்டது, கணக்கு உதைக்கிறது

வரவைக் குரலில் சொல்கிற பெட்டி கூட்ட நேரத்தில் பெரிய உதவி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காது பாதிதான் கேட்கும். 485க்கும் 4,850க்கும் இரைச்சலில் வித்தியாசம் தெரியாது. அதே குரலைப் பதிவு செய்து தன் போனிலிருந்து ஒலிக்க விடுகிறவனும் இருக்கிறான். சத்தம் பெட்டிப் பக்கமிருந்து வந்ததா, ஆள் பக்கமிருந்து வந்ததா என்று யார் கவனிக்கிறோம்?

இதைவிட அடிக்கடி நடப்பது, யாருமே ஏமாற்றாமல் நடக்கும் குழப்பம். ஒரே கணக்கு, இரண்டு கல்லா. ஒருவர் 300 அனுப்புகிறார், இரண்டு கல்லாவிலும் 300க்கு நிற்கிறார்கள். பெட்டி ஒருமுறை சொன்னதைக் கேட்டு இரண்டு கல்லாவும் சரக்கைக் கொடுத்துவிடுகிறது. அதனால் தொகையை மட்டும் வைத்து அடையாளம் பார்க்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பில்லில் எழுதிவிட்டால் ஒரு வரவு ஒரு பில்லுக்குத்தான் போகும். அந்த எண்ணை நம் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுங்கள். அவர் திரையிலிருந்து எடுத்தால் எழுதியதில் பயனில்லை.

அறிகுறி: "அதிகமா அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பிப் போடுங்க"

650க்கு வாங்கியவர் 6,500 அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். மெசேஜும் அப்படித்தான் சொல்கிறது. பதற்றமாக இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்கிறார். நமக்கும் இரக்கம் வருகிறது. 5,850ஐ அவர் சொல்கிற எண்ணுக்கு அனுப்பிவிடுகிறோம். பிறகு பார்த்தால் 6,500 வரவே இல்லை. சரக்கும் போச்சு, கைக்காசும் போச்சு.

ஒருவேளை 6,500 நிஜமாகவே ஏறியிருந்தாலும் சொல்கிற எண்ணுக்கு அனுப்பாதீர்கள். திருட்டுக் கணக்கிலிருந்து வந்த பணமாக இருந்தால், உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் நம் கணக்கைத்தான் முடக்குவார்கள், நாம் அனுப்பியது மூன்றாவது ஆளிடம் போயிருக்கும். செயலியில் திருப்பி அனுப்பும் வசதி இருந்தால், அந்த வரவின் வரியைத் தொட்டு அங்கிருந்தே வந்த கணக்குக்கு அனுப்புங்கள். வசதி இல்லாவிட்டால் "உங்க வங்கியில சொல்லுங்க, அவங்க எங்க வங்கிக்கு எழுதுவாங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. "நான் அனுப்பறேன், உங்களுக்கு ஒரு கோரிக்கை வரும், PIN போட்டு வாங்கிக்கங்க" என்பார்கள். PIN என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போக நாம் தருகிற சம்மதம். உள்ளே வருகிற பணத்துக்கு அது தேவைப்படுவதில்லை. PIN கேட்கிற திரை வந்தால் நீங்கள் வாங்கவில்லை, கொடுக்கிறீர்கள்.

அறிகுறி: அன்றைக்கு இருந்தது, இரண்டு நாள் கழித்துக் காணோம்

பட்டியல் பார்ப்பது போதாமல் போகிற இடமும் உண்டு, அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவன் இல்லை. காசோலையை நம் கணக்கில் போட்டால், அது தேறுவதற்கு முன்பே தொகை எழுதப்பட்டுவிடலாம்; பிறகு காசோலை திரும்பினால் அந்த வரி கழியும். "கணக்குல நேரா போட்டுட்டேன்" என்று சொல்லிப் பெரிய சரக்கு எடுக்கிறவர் போட்டது ரொக்கமா, காசோலையா என்று வரியைத் தொட்டு விவரம் பாருங்கள். காசோலை என்றால் தேறும் வரை சரக்கு நம் கடையிலேயே இருக்கட்டும்.

கார்டில் வாங்கியதை கார்டுக்காரர் பிறகு மறுத்துப் புகார் செய்தால், வங்கி விசாரித்துத் தொகையைத் திரும்ப எடுக்கலாம். அதை அன்றைக்கே கண்டுபிடிக்க வழியில்லை. கையெழுத்துள்ள சீட்டும் பில்லும் இருந்தால் வாதாடலாம். நெட் இல்லாத நேரத்தில் மெஷின் தானாகவே ஏற்றுக்கொண்டு பிறகு அனுப்புகிற முறையும் சிலவற்றில் உண்டு. அப்போது சீட்டு வரும், வங்கி இன்னும் சம்மதம் சொல்லியிருக்காது. சீட்டில் Offline என்று இருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

யார் கையில் எந்தப் போன்

இவ்வளவு சொல்லியும் நடைமுறையில் எங்கே உடைகிறது தெரியுமா? கணக்கு முதலாளியின் போனில், முதலாளி வீட்டில், கடையில் நிற்பது பதினெட்டு வயதுப் பையன். அவன் எந்தப் பட்டியலைப் பார்ப்பான்? அவன் கண்ணுக்குத் தெரிவது எதிரில் நிற்பவர் நீட்டுகிற திரை மட்டும்தான். பிறகு நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிப்பது நியாயம் இல்லை, இதை நான் இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

வியாபாரிகளுக்கான செயலிகள் பலவற்றில் கல்லாவில் இருப்பவருக்குத் தனி உள்நுழைவு கொடுக்கலாம். வரவை மட்டும் பார்ப்பார், பணத்தை வெளியே அனுப்ப முடியாது. அது இல்லாவிட்டால் கடை வரவுக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்று, அதற்கென ஒரு பழைய போன், இரவில் தொகையை முதலாளியின் கணக்குக்கு மாற்றிவிடலாம். அப்போது பையன் கையில் இருக்கிற கணக்கில் அதிகபட்சம் ஒரு நாள் வரவுதான் இருக்கும். முதலாளி வீட்டிலிருந்தபடி போனில் "வந்திருச்சு, குடுத்துடு" என்று சொல்கிற முறையும் ஓடும், ஆனால் மதியம் அவர் தூங்கிவிட்டால் ஓடாது.

சரக்கு போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தால்

கோபத்தில் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள், நம்மிடம் இருக்கிற ஒரே தடயம் அது. அனுப்புநர் பெயரும் நேரமும் தெரியும்படி வேறொரு போனால் படம் எடுத்து வையுங்கள். அதே மணி நேரத்தின் வரவுப் பட்டியலையும் எடுத்து வையுங்கள், அந்த வரி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கேமரா இருந்தால் அந்த நேரத்துப் பதிவை அன்றைக்கே தனியாகப் பிரித்து எடுங்கள்; பல கேமராக்கள் சில நாட்களில் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். வங்கியைக் கூப்பிடும்போது அந்த மெசேஜில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள், கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடுங்கள். போலி அட்டை ஒட்டிய வழக்கு என்றால், அதைக் கிழித்தெறியும் முன் படம் எடுங்கள். அதில் பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் பெயர் இருக்கிறது, போலீஸ் பிடிப்பதற்கு இருக்கிற நூல் அதுதான்.

அப்புறம் பக்கத்துக் கடைக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு 6:31க்கு என்னிடம் வந்தவர் ஏழு மணிக்கு மூன்று கடை தள்ளி நின்றார். எனக்கு ஒன்பதரைக்குத்தான் தெரிந்தது, அந்த அண்ணனுக்கு மறுநாள் காலையில். அவர் இப்போது முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள். அவருக்கு வந்த மெசேஜை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். அதிலும் இருப்பு 41,350 என்றுதான் இருந்தது.